உருளையா, பீன்ஸா? வெஞ்சனக் கிண்ணத்தின் கணக்கு

ராஜபாளையத்து வீடொன்றில் "இன்னைக்கு என்ன கறி?" என்று கேட்டால், ஆட்டுக்கறியா கோழிக்கறியா என்றுதான் பதில் வரும். காய்க்கு இந்தப் பக்கத்தில் வேறு பெயர் இருக்கிறது: வெஞ்சனம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைப்பது எதுவாக இருந்தாலும் வெஞ்சனம்தான். உருளை மசாலாவும் வெஞ்சனம், பீன்ஸ் பொரியலும் வெஞ்சனம். சுகர் உள்ளவருக்குத் தொல்லை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

சுகர் வந்த வீடுகளில் சோற்றை அளக்கப் பழகிவிடுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் என்றால், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற தங்கள் ஊர்ப் பால்கோவாவைக்கூட மனதைக் கல்லாக்கிக்கொண்டு தள்ளி வைப்பார். வெஞ்சனத்தை மட்டும் யாரும் அளப்பதில்லை. "காய்தானே, இன்னொரு கரண்டி வச்சுக்கோங்க" என்று சொல்லும்போது, கரண்டியில் இருப்பது எந்தக் காய் என்று பார்ப்பதும் இல்லை.

சாப்பிட்டபின் ரத்தச் சர்க்கரையை முதன்மையாக ஏற்றுவது மாவுச்சத்து, அதாவது கார்போஹைட்ரேட். ஒரு வேளைச் சாப்பாட்டில் அது எத்தனை கிராம் என்று கூட்டிப் பார்ப்பதுதான் கார்ப் கணக்கு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணைப்படி, நார்ச்சத்து நீங்கலாக 100 கிராம் பச்சை உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 15 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதே எடை பீன்ஸில் 3 கிராமுக்கும் குறைவு. சில இடங்களில் இன்னும் புழங்கும் பழைய தாள்களில் உருளைக்கு 22.6 கிராம் என்று பார்க்கலாம். அது அதே நிறுவனத்தின் பழைய நூலில் உள்ள எண். எதைப் பின்பற்றினாலும் எல்லாக் காய்க்கும் ஒரே நூலை வைத்துக்கொள்ள வேண்டும். உருளைக்கு ஒன்று, பீன்ஸுக்கு ஒன்று என்று மாற்றி எடுத்தால் கணக்கு எங்கேயோ போய் நிற்கும்.

நான்கு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். உழவர் சந்தையிலிருந்து அரை கிலோ உருளை வருகிறது. தோல் போக 450 கிராம் தேறும். அதில் மாவுச்சத்து சுமார் 67 கிராம். தாளிக்க 50 கிராம் சின்ன வெங்காயம் போட்டால் அதில் ஒரு 6 கிராம். மொத்தம் 73. நால்வரும் சமமாகப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 18 கிராம். மறுநாள் அதே அரை கிலோவுக்குப் பீன்ஸ். காம்பும் நாரும் போக 450 கிராம், அதில் 13 கிராம், வெங்காயத்துடன் 19. ஆளுக்கு 5 கிராம்கூட இல்லை. மேலே தூவும் தேங்காய்ப்பூவில் பெரும்பகுதி கொழுப்பும் நாரும் என்பதால் பொரியலுக்குத் தூவும் அளவுக்குக் கணக்கு அசையாது.

இரண்டு நாளுக்கும் இடையே ஓர் ஆளுக்கு 13 கிராம் வித்தியாசம். வடித்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து என்பதால், 13 கிராம் என்பது ஏறக்குறைய 50 கிராம் சோறு. பெரும்பாலான வீட்டு அன்னக்கரண்டியில் அது அரைக் கரண்டிக்குப் பக்கத்தில் வரும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால், சொந்தக் கரண்டியில் ஒரு முறை சோறு அள்ளி எடைத் தராசில் வைத்துப் பார்த்துவிடலாம். ஒரு தடவை போதும், ஆயுசுக்கும் அந்த எண் உதவும். ஆக, உருளை தின்னவே கூடாது என்பதில்லை. உருளை வைத்த அன்று சோற்றில் அரைக் கரண்டி குறைய வேண்டும், அவ்வளவுதான். கஷ்டம் என்னவென்றால், உருளை மசாலா இருக்கிற அன்றைக்குத்தான் சோறு ஒரு கரண்டி கூடுதலாக இறங்கும்.

எந்தக் காய் எந்தப் பக்கம் என்று பிரிக்க ஊரில் ஒரு பழைய வழி உண்டு: மண்ணுக்குக் கீழே விளைவது ஆகாது, மேலே விளைவது ஆகும். உருளை, சேனை, சேம்பு, மரவள்ளி வரைக்கும் அது சரி. சேனையும் சேம்பும் உருளைக்குப் பக்கத்திலேயே நிற்பவை, மரவள்ளி அதைவிடக் கனம். ஆனால் முள்ளங்கியும் மண்ணுக்குக் கீழேதான் விளைகிறது. அதில் மாவு உருளையைவிட வெகு குறைவு. கேரட்டும் பீட்ரூட்டும் தின்னும்போது இனிக்கின்றன என்பதால் பலர் அவற்றை உருளைக்கும் மேலான குற்றவாளியாக ஒதுக்கி வைக்கிறார்கள். இரண்டிலும் 100 கிராமுக்கு 6 கிராம் அளவுதான், உருளையில் பாதிகூட இல்லை. நாக்குக்குத் தெரியும் இனிப்பை நம்பி உருளையை விட்டுவிட்டுக் கேரட்டைப் பிடிப்பது அநியாயம்.

மறுபக்கமும் வழி தவறுகிறது. வாழைக்காய் மரத்தில் காய்க்கிறது, ஆனால் மாவில் அது உருளையின் தம்பி. பச்சைப் பட்டாணி கொடியில் காய்க்கிறது, ஒரு கிண்ணம் பட்டாணி மசாலாவைக் காய்க்கணக்கில் எழுதினால் ஏமாந்துபோவோம். வாழைக்காய் வறுவல் இருக்கும் வீட்டில் "நாங்க கிழங்கே சேர்க்கிறதில்ல" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

பீன்ஸ் என்ற பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. கடையில் முழு நீளமாகக் கிடக்கும் பச்சைப் பீன்ஸில் நாம் தின்பது தோலை, உள்ளே விதை இன்னும் திரளவில்லை. பட்டர் பீன்ஸ், டபுள் பீன்ஸ் என்று உரித்து விற்பவை முழுக்க விதை. விதை என்றால் செடி அடுத்த தலைமுறைக்காகச் சேர்த்து வைத்த மாவும் புரதமும். பச்சையாக உரித்த பட்டர் பீன்ஸில் நார் போக மாவு உருளைக்குச் சமமாகவே வரும். புரதமும் நாரும் நிறைய இருப்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும் என்பது உண்மைதான், ஆனால் கிராம் கிராம்தான். ராஜ்மா, மொச்சை போன்ற காய்ந்த பயறுகளை இதே வரிசையில் வைத்து எண்ண வேண்டும். பச்சைப் பீன்ஸிலும் முற்றல் உண்டு: வளைத்தால் டப்பென்று ஒடியாமல் ரப்பர் மாதிரி வளைகிறது, வெளியே கொட்டை புடைத்துத் தெரிகிறது என்றால் மாவு ஏறத் தொடங்கிவிட்டது. அதை வாங்கினால் பொரியலும் நன்றாக இருக்காது.

கரண்டிக் கணக்கு மோசமாகப் பிசகுவது சமைக்கும் விதத்தில்தான். முன்பு சொன்ன அதே 450 கிராம் உருளையை வேக வைத்து மசாலா செய்தால், முடிவில் சட்டியில் 480 கிராம் இருக்கிறது என்று வைப்போம். அதில் 100 கிராம் எடுத்து வைத்தால் 15 கிராம் மாவு. அதே உருளையைச் சிறு துண்டாக நறுக்கி, முறுகல் வறுவலாகச் செய்தால் தண்ணீர் வற்றி 340 கிராமாகச் சுருங்கலாம். மாவு மட்டும் எங்கும் போகவில்லை, அதே 73. இப்போது 100 கிராமில் 21 கிராம் மாவு. கரண்டி ஒன்றுதான், கனம் வேறு. ஆகவே வறுவல் நாளில் பச்சையாக இருந்தபோது போட்ட எடையை வைத்துப் பங்கு போடுவதே நல்லது. பங்கு சமமாக இல்லாத வீட்டில் இப்படிச் செய்யலாம்: வெறும் சட்டியின் எடையைக் குறித்துக்கொண்டு, சமைத்தபின் சட்டியோடு எடை போட்டுக் கழித்தால் வெஞ்சனத்தின் எடை கிடைக்கும். உள்ளே போட்ட மொத்த மாவை அதால் வகுத்துத் தட்டில் வைத்த எடையால் பெருக்க வேண்டியதுதான்.

உருளையும் பீன்ஸும் கலந்த பொரியலில் எல்லாவற்றையும் எடை போட வேண்டாம். உருளைத் துண்டுகளை மட்டும் எண்ணினால் போதும், பீன்ஸ் கணக்கில் பெரிதாக வராது. சாம்பாரில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நேற்றைய சாம்பாரைச் சுட வைக்கும்போது உருளை கரைந்து குழம்போடு கலந்துவிடும், துண்டைத் தேடினால் கிடைக்காது. சாம்பார் திடீரென்று கெட்டியாகிவிட்டதென்றால் மாவு குழம்பில் இருக்கிறது என்று அர்த்தம். துண்டு போடாமல் குழம்பு மட்டும் ஊற்றிக்கொண்டாலும் அது வரும்.

மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்தக் கணக்கு சோற்றைக் கூட்டவோ குறைக்கவோ உதவுகிறது. சாப்பாட்டுக்கு முன் மாவுக்கணக்குப் பார்த்து இன்சுலின் போடுபவருக்கு விஷயம் இன்னும் கூர்மையானது. மருத்துவர் 15 கிராமுக்கு ஒரு யூனிட் என்று சொல்லியிருந்தால் (இந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறும், அதை அவரவர் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்), உருளைக்கும் பீன்ஸுக்கும் இடையிலான 13 கிராம் கிட்டத்தட்ட ஒரு யூனிட்.

பீன்ஸ் எப்போதும் பத்திரமானது என்று நினைப்பது இங்கே ஆபத்து. டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்குப் பள்ளி டப்பாவில் உருளை என்று சொல்லிக் கணக்குப் போட்டு ஊசி போட்டாகிவிட்டது. கடைசி நிமிடத்தில் உருளை வேகவில்லை என்று பீன்ஸ் வைத்து அனுப்பினால், மாவு குறைந்து போன அந்தச் சாப்பாட்டுக்குப் பழைய யூனிட் அதிகம். பிற்பகலில் நடுக்கம், வியர்வை, பசி என்று சர்க்கரை தாழ்ந்து போவதற்கு இப்படி ஒரு நல்ல காயே காரணமாகிவிடும். வெஞ்சனம் மாறினால் ஊசி போடுகிறவரிடம் சொல்ல வேண்டும், ஊசி ஏற்கெனவே போட்டாயிற்றென்றால் குறைந்த மாவைச் சோற்றிலோ பழத்திலோ ஈடு செய்ய வேண்டும்.

இத்தனை சொன்னபின்னும் அட்டவணை ஊருக்குப் பொதுவானது, உடம்பு தனியானது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு வாரத்தில் இரண்டு நாள் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு நாளும் ஒரே நேரம், அளந்த 150 கிராம் சோறு, அதே குழம்பு. ஒரு நாள் உருளை, மறுநாள் பீன்ஸ். சாப்பிடும் முன்னும், முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் விரலில் குத்திப் பார்த்தால், 13 கிராம் அந்த உடம்பில் என்ன செய்கிறது என்பது தெரிந்துவிடும். உருளை நாளில் எண்ணெய் நிறைய விட்டிருந்தால் ஏற்றம் தாமதமாகலாம், மூன்றாம் மணியிலும் ஒரு முறை பார்ப்பது நல்லது.

தினசரி வெஞ்சனத்துக்குப் பீன்ஸ், அவரை, புடலை, பாகல், கத்தரி, வெண்டை என்று வைத்துக்கொள்வது கணக்குப் போடும் வேலையையே மிச்சப்படுத்தும். உருளையோ சேனையோ வாழைக்காயோ வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் வைத்து, சோற்றைப் பாதிக் கரண்டி குறைத்துவிடலாம். கல்யாணப் பந்தியில் உருளை வறுவலும் வாழைக்காயும் பட்டாணிக் குருமாவும் ஒரே இலையில் விழும்போது, இரண்டு காயைத் தொடாமல் விட்டு ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தால் பரிமாறுகிறவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.