டோக்கன் பணம்

பெங்களூருக்கு மாற்றலாகி வந்த ஒருவர், பிள்ளைகளின் பள்ளிக்கு அருகில் ஒரு வீட்டைக் கண்டார். மாத வாடகை 20,000 ரூபாய். முன்பணம் 1,00,000 ரூபாய். பழைய வீட்டைக் காலி செய்தால்தான் அங்குக் கொடுத்த முன்பணம் கைக்கு வரும்.

“ஐயா, இன்று 5,000 ரூபாய் டோக்கனாகத் தருகிறேன். இரண்டு வாரம் வீட்டை வேறு எவருக்கும் விடாதிருப்பீர்களா? அதற்குள் மீதி 95,000 ரூபாயைச் செலுத்திவிடுவேன்” என்று வேண்டினார்.

உரிமையாளர் இசைந்தார். பற்றுச்சீட்டில் தொகையையும் கெடுநாளையும் எழுதினர். டோக்கன் முன்பணத்தில் கழியும் என்றும், வருபவர் விலகினால் அது திரும்பாது என்றும், உரிமையாளர் பிறருக்கு விட்டால் முழுவதையும் திருப்பித் தருவார் என்றும் குறித்துக் கையொப்பமிட்டனர்.

சிந்திக்க: இறுதி நிபந்தனையை எழுதாதிருந்தால் இழப்பு எவருக்கு?