இருநூறு ரூபாயும் ஒரு மாலைப்பொழுதும்

சென்னையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தியபடியே அதன் மகளிர் விடுதிக்கும் நெடுங்காலம் வார்டனாக இருந்தவள் நான். பிள்ளைகள் என்னிடம் பாடத்தைவிட மற்றதைத்தான் அதிகம் கேட்பார்கள். இப்போதும் பழைய மாணவிகளின் தங்கைகளும், வீட்டுக்கு வந்துபோகும் பையன்களும் கேட்கிற ஒரு கேள்வி உண்டு: “மேடம், கையில் காசு கிடையாது. முதன்முதலாக வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். என்ன செய்வது?” அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இது சென்னையில் விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிக்கிறவர்களுக்கானது.

1. தொகையை முன்பே சொல்லிவிடுங்கள்.

“இந்த வாரம் என்னிடம் இருநூறு ரூபாய் இருக்கிறது, நாலு மணியிலிருந்து ஏழரை வரை நேரம் இருக்கிறது” என்று போகுமுன்பே சொல்லிவிட்டால் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும். சொல்லாமல் காபி ஷாப்புக்குள் போய் மெனு கார்டின் வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், எதிரில் இருப்பவர் பேசுவது காதில் ஏறாது. இரண்டு கோல்ட் காபிக்கே சில கடைகளில் உங்கள் ஒரு வாரக் கைச்செலவு போய்விடும்.

அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அது ஜெராக்ஸுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்குமான பணம். அதில் கைவைக்காமல் மிச்சப்படுவது எவ்வளவோ அதுதான் உங்கள் கணக்கு. மாதம் இரண்டு சந்திப்புக்கு நானூறு என்றால் நானூறுதான். செலவை ஒவ்வொரு முறையும் ஜிபேயில் காசு காசாகப் பிரிக்காதீர்கள், மனம் கசந்துபோகும். ஒருமுறை ஒருவர், அடுத்தமுறை மற்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. திரும்பும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்.

இந்த ஊரில் மாணவரின் பட்ஜெட்டைக் கெடுப்பது பெரும்பாலும் ஆட்டோதான். விடுதி கேட் எட்டு மணிக்கு மூடுகிறது, ஏழே காலுக்குத்தான் நினைவு வருகிறது, பஸ்ஸுக்கு நிற்க நேரமில்லை. மாலை முழுக்க மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு சவாரியில் போய்விடும். ஆகவே எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதைச் சந்திக்கும்போதே இருவரும் பேசி வையுங்கள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அவளுடைய டிக்கெட் செலவு பூஜ்யம். சொகுசுப் பேருந்து முதலில் வந்தாலும் ஏறாமல் கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் பத்து நிமிடமும் பேசத்தானே வந்தீர்கள். திருமயிலை, வேளச்சேரி பக்கம் இருப்பவர்களுக்குப் பறக்கும் ரயில் இருக்கிறது. டிக்கெட் சில ரூபாய்தான். மேம்பாலத்தில் போகும் ரயிலின் கதவோரம் காற்று வாங்கத் தோன்றும். ஆபத்து, ஜன்னலோரம் உட்காருங்கள்.

3. இடத்தைவிட வேளையைத் தேர்ந்தெடுங்கள்.

கடற்கரை இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே “சும்மா பீச்சுக்குப் போகலாம்” என்று அழைத்தால் அதில் சிறப்பு எதுவும் இருப்பதாகப் படாது. “வியாழக்கிழமை ஆறே காலுக்குக் கடலிலிருந்து நிலா எழும், பார்க்கப் போகலாம்” என்று அழைத்துப் பாருங்கள். செலவு அதேதான். ஆனால் இவன் நமக்காக உட்கார்ந்து யோசித்திருக்கிறான் என்பது அழைப்பிலேயே தெரிந்துவிடும்.

நம் கடற்கரை கிழக்கு பார்த்தது. சூரியன் ஊருக்குள் மறையும், முழுநிலா கடலிலிருந்து வரும். தினசரிக் காலண்டரில் பௌர்ணமி என்று போட்டிருக்கும் நாளை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பௌர்ணமிக்கு முந்தின நாள் நிலா சூரியன் மறைவதற்கு முன்பே எழுந்து, வெளிச்சத்தில் வெளிறிப்போய் நிற்கும். பௌர்ணமிக்கு மறுநாள் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் தாமதமாகும். விடுதிக்குத் திரும்புகிறவர்களுக்கு அது சரிப்படாது. போனில் சூரியன் மறையும் நேரத்தையும் நிலா எழும் நேரத்தையும் பாருங்கள். சூரியன் மறைந்து பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் நிலா எழும் நாள்தான் நீங்கள் தேடும் நாள். பௌர்ணமியை ஒட்டி அப்படி ஒரு நாள் பெரும்பாலும் கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழைமேகம் மறைத்துவிடும். தையிலிருந்து சித்திரை வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். எழும் இடமும் மாறும்: மார்கழி, தை மாதங்களில் கடலைப் பார்த்து நின்றால் இடப்பக்கம், கோடையில் வலப்பக்கம். தொடுவானத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய மேகத்தால் குறித்த நேரத்துக்குத் தெரியாமல் போகலாம். ஏமாந்து எழுந்து வந்துவிடாதீர்கள், கால் மணி நேரம் காத்திருங்கள். முதலில் செம்மஞ்சளாக ஒரு கீற்று, பிறகு மேலே ஏற ஏற மஞ்சள், பிறகு வெள்ளை. தாழ இருக்கும்போது அதன் ஒளி அடர்ந்த காற்றுக்குள் நெடுந்தூரம் வருவதால் அந்தச் செம்மை.

நிலாவைப் போனில் படமெடுத்து நேரத்தைப் போக்காதீர்கள், ஒரு புள்ளிதான் விழும். அரைமணி நேரம் முன்னதாகப் போய், சூரியன் மறையுமுன் உங்கள் துணையைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லி எடுங்கள். மேற்கிலிருந்து சாய்வாக வரும் வெயில் முகத்தில் விழும், பின்னால் கடல் நீலமாக இருக்கும். எந்த ஸ்டுடியோ விளக்கும் அந்த வெளிச்சத்தைத் தராது.

அடையாற்றில் தங்கியிருக்கும் ஒரு பையனுக்குப் போட்டுக்கொடுத்த கணக்கு இது. பெசன்ட் நகருக்குப் போக வர அவனுக்கு பஸ் செலவு இருபதுக்குள், அவளுக்கு எதுவுமில்லை. தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் இரண்டு பொட்டலம் அறுபது. டீ இரண்டு முப்பது. மொத்தம் நூற்றுப்பத்து. மிச்சம் தொண்ணூறு ரூபாயை என்ன செய்வது என்று கேட்டான். தொடாதே என்றேன். விரிப்புக்கு ஒரு பழைய போர்வை, வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டில், இரண்டையும் நீயே கொண்டுபோ என்றேன். மணலில் உட்காரத் தயங்கும் பெண்ணுக்கு முன்னால் அந்தப் போர்வையை எடுத்து விரித்தால் போதும், முன்னேற்பாடு செய்து வந்திருப்பது அவளுக்குப் புரிந்துவிடும். அலையில் மட்டும் இறங்காதீர்கள். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் இழுவை பொல்லாதது, நீச்சல் தெரிந்தவர்களையும் கொண்டுபோயிருக்கிறது.

4. மியூசியத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள்.

வெயில் நாளில் எழும்பூர் அருங்காட்சியகத்தைப் போல வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை. நுழைவுக் கட்டணம் குறைவு. வெள்ளிக்கிழமை விடுமுறை, இதை மறந்து பூட்டிய கேட் முன்னால் போய் நின்ற ஜோடிகளை எனக்குத் தெரியும். ஆனால் எல்லாக் கூடத்தையும் சுற்றினால் ஒரு மணி நேரத்தில் கால் வலிக்கும், பேச்சு நின்றுவிடும்.

நேராகச் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்குப் போய்த் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரைத் தேடுங்கள். சோழர் காலத்தது. அதன் முன் பத்து நிமிடம் நின்று, ஒவ்வொருவராக ஒரு வித்தியாசம் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். ஆண் பாதியில் இரண்டு கைகள், பெண் பாதியில் ஒன்றுதான். இடுப்பின் வளைவு ஒரு பக்கம் வேறு, மறுபக்கம் வேறு. இப்படிப் பார்க்கத் தொடங்கினால் பேச்சு தானாக வரும். முதல் சந்திப்பில் கூச்சப்படுகிறவர்களுக்கு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருவரும் சேர்ந்து ஒன்றைப் பார்ப்பது பெரிய ஆறுதல். அதற்குப் பிறகு இன்னும் இரண்டே சிற்பங்கள், ஆளுக்கொன்று தேர்ந்தெடுத்துக் காட்டுங்கள். அதோடு வெளியே வந்து டீ குடியுங்கள்.

5. மார்கழியை விட்டுவிடாதீர்கள்.

டிசம்பர் பாதியிலிருந்து சபாக்களில் பகல் நேர, பிற்பகல் கச்சேரிகள் பல இலவசம். இளம் பாடகர்கள், சிலர் உங்கள் வயதுதான். சங்கீதம் தெரிய வேண்டியதில்லை. கடைசி வரிசையில் உட்காருங்கள், பாட்டு முடிந்த இடைவெளியில் மட்டும் எழுந்திருங்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கூட்டம் காபிக்குக் கிளம்பும், நீங்கள் கிளம்பாதீர்கள். மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசிக்கொள்வதைக் கேட்கத் தவறக்கூடாது. கேன்டீன் விலை இப்போதெல்லாம் மலிவில்லை, காபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

6. பரிசு ஐம்பது ரூபாயைத் தாண்ட வேண்டாம்.

விலையுயர்ந்ததைக் கொடுத்தால் வாங்கியவருக்கு ஈடு செய்யும் பாரம் வந்துவிடும். அவருக்கும் உங்களைப் போலத்தான் கை வறட்சி. மல்லிகை வாங்கப் போகிறீர்கள் என்றால் காலம் பாருங்கள்: பங்குனி, சித்திரையில் வரத்து அதிகம், முழம் மலிவாகக் கிடைக்கும். மார்கழி, தைப் பனியில் செடி பூப்பது குறைந்து விலை ஏறிவிடும். முகூர்த்த நாளில் இன்னும் ஏறும். பூ வைத்துக்கொள்வாளா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள், எல்லாப் பெண்களும் வைப்பதில்லை.

நான் எப்போதும் சொல்வது போட்டோ. கடற்கரையில் எடுத்தீர்களே, அதை ஸ்டுடியோவில் கொடுத்து அஞ்சலட்டை அளவில் ஒரு பிரின்ட் போடுங்கள், சில ரூபாய்தான் ஆகும். பின்பக்கம் மென்மையான பென்சிலால் தேதியும் இடமும் அன்று அவர் சொன்ன ஒரு வாக்கியமும் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் கோடு எழும்பும், ஜெல் பேனா மை காயாமல் அடுத்த படத்தில் ஒட்டும். அவர் சொன்ன வாக்கியம் நினைவில் இருக்க வேண்டுமென்றால், அன்றிரவே குறித்து வையுங்கள்.

7. எல்லைகளை மறக்காதீர்கள்.

ஆள் நடமாட்டமில்லாத இடம் இலவசமாக இருந்தாலும் போகாதீர்கள். வெளிச்சமும் குடும்பங்களும் இருக்கும் இடத்தில் உட்காருங்கள். சில பூங்காக்களில் காவலாளி ஜோடிகளை எழுப்பிவிடுவார். வாக்குவாதம் வேண்டாம், அடுத்த இடத்துக்கு நடந்துவிடுங்கள். விடுதித் தோழி ஒருத்திக்காவது எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பிறந்தநாளுக்குப் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று போனில் வரும் கடன் ஆப்களிடம் மட்டும் போகாதீர்கள். கொடுப்பதற்கு முன்பே ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாரத்தில் முழுத்தொகையைக் கேட்பார்கள். தாமதமானால் உங்கள் போனில் இருக்கும் எல்லா எண்ணுக்கும் அழைப்பார்கள், அதில் அப்பாவின் எண்ணும் இருக்கும். என் விடுதிப் பெண் ஒருத்தி அப்படி அழுததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கொஞ்சம் பெரிதாகச் செய்ய ஆசை இருந்தால் ஒரு மாதச் சந்திப்பு இரண்டையும் ஒன்றாக்குங்கள், நானூறில் நல்ல மெஸ்ஸில் இருவரும் இலை போட்டு வயிறாரச் சாப்பிடலாம்.

பர்ஸில் தனியாக ஒரு நூறு ரூபாய்த் தாளை மடித்து வையுங்கள். இருநூறுக்குக் கணக்குப் போடும்போது அதைச் சேர்க்காதீர்கள். பஸ் வராத இரவில் அவள் கேட் மூடுமுன் போய்ச் சேருவதற்கு அது.