பிளாக்கின் எண்ணை நம்பாதீர்கள்: தெர்மோகப்பிள் ஒப்பிட வந்த தம்பி, தங்கைகளுக்கு

கிள்ளான் துறைமுகப் பக்கம் இருக்கும் செம்பனை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில், வாசனை நீக்கும் கோபுரம் 250 டிகிரியை ஒட்டி ஓடும். அந்தச் சூடு கூடக் கூட எண்ணெயில் கிளிசிடில் எஸ்டர் வேகமாகச் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் அதற்கு வரம்பு வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட கோபுரத்திலிருந்து கழற்றி வந்த 6 மில்லிமீட்டர் கே வகை தெர்மோகப்பிள் ஒன்று உங்கள் மேசைக்கு வந்திருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

1. முதலில் ஒப்பீட்டு புரோப்பின் சான்றிதழைத் திறந்து, எந்த டிகிரியில் எவ்வளவு திருத்தம் என்று பாருங்கள். சிப்பாங்கில் இருக்கும் தேசிய அளவியல் நிறுவனம் வரைக்கும் அதன் அளவீட்டுச் சங்கிலி அறுபடாமல் போக வேண்டும். தேதி தாண்டிய புரோப்பை எடுக்காதீர்கள்.

2. தெர்மோகப்பிளின் உறையில் ஒட்டியிருக்கும் எண்ணெயை நன்றாகத் துடையுங்கள். பிளாக்கின் துளையில் எண்ணெயோ பசையோ ஊற்றக் கூடாது; 250 டிகிரியில் புகைந்து, கருகி, புரோப் சிக்கிக்கொள்ளும். துளைக்கும் புரோப்புக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கு மேல் போகாத இன்செர்ட்டை எடுங்கள். இரண்டையும் அடிவரை இறக்குங்கள். விட்டத்தைப் போல் 15 மடங்காவது, அதாவது இங்கே 90 மில்லிமீட்டராவது, உள்ளே இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தெர்மோகப்பிளை மட்டும் 20 மில்லிமீட்டர் உயர்த்திப் பாருங்கள். எண் சட்டென்று இறங்கினால் ஆழம் போதவில்லை, தண்டு வழியாகச் சூடு வெளியே ஓடுகிறது.

3. ஒயரில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். தெர்மோகப்பிளின் தலை பிளாக்குக்கு மேலேயே நிற்பதால் 38 டிகிரிக்குச் சூடேறும். மீட்டரோ ஏர்கான் அறையில் 24 டிகிரியில் இருக்கும். நடுவில் சாதாரணச் செம்பு ஒயரைப் போட்டால் அந்த 14 டிகிரி அப்படியே காணாமல் போகும். கே வகை இணைப்பு ஒயரையே போட்டு, இரு முனையிலும் தலைகீழாகப் பூட்டினால் 28 டிகிரி குறையும். நிறத்தைப் பார்த்துப் பூட்டுங்கள். ஐரோப்பிய முறையில் பச்சை நேர்முனை, வெள்ளை எதிர்முனை. அமெரிக்க முறையில் மஞ்சள் நேர்முனை, சிவப்புதான் எதிர்முனை. சிவப்பைக் கண்டதும் நேர்முனை என்று கை போகும். அங்கேதான் தவறு நடக்கிறது.

4. பிளாக்கின் திரை 250.0 காட்டி, "நிலைத்துவிட்டது" என்று சொன்னதும் எழுத ஆரம்பிக்காதீர்கள். அந்த எண் பிளாக்குக்குள் இருக்கும் அதன் சொந்த சென்சார் சொல்வது. உங்கள் துளையின் சூடு வேறு. ஒப்பீட்டு புரோப் நகராமல் நின்ற பிறகு, அதை ஒருமுறை, தெர்மோகப்பிளை இருமுறை, மறுபடி அதை ஒருமுறை என்ற வரிசையில் எழுதுங்கள். மெல்ல நகரும் சூடு இந்த வரிசையில் சமன்பட்டுவிடும்.

5. இப்போது இடம் மாற்றுங்கள். இந்தப் படியைத் தவிர்ப்பவர்களை என்னால் ஏற்கவே முடியாது. திருத்தம் சேர்த்த பிறகு ஒப்பீட்டு புரோப் 249.5, தெர்மோகப்பிள் 247.8 என்று வந்தது என வைப்போம். வித்தியாசம் 1.7 டிகிரி குறைவு. இதை அப்படியே சான்றிதழில் எழுதலாமா? துளைகளை மாற்றிப் போட்டு, நிலைக்கவிட்டு, மறுபடி பாருங்கள்: ஒப்பீட்டு புரோப் 249.2, தெர்மோகப்பிள் 248.1. இப்போது வித்தியாசம் 1.1 தான். இரண்டு துளைகளுக்கும் நடுவே 0.3 டிகிரி இருந்திருக்கிறது. முதல் முறை அது தெர்மோகப்பிளின் பிழையாக வேடம் போட்டது. இரண்டின் சராசரியான 1.4 டிகிரி குறைவுதான் உண்மைப் பிழை. இரண்டாம் தரக் கே வகைக்கு இந்தச் சூட்டில் 2.5 டிகிரி வரை அனுமதி உண்டு, ஆகவே தேறுகிறது. ஆனால் ஆலையின் திரை 250 காட்டும்போது எண்ணெய் 251.4 இல் இருக்கும் என்பதை ஆலைக்காரருக்குச் சொல்லிவிடுங்கள். துளைகள் ஒரே அளவாக இல்லாததால் மாற்ற முடியவில்லை என்றால், துளைகளின் வித்தியாசத்தைத் தனியாக அளந்து ஐயப்பாட்டில் சேர்க்க வேண்டும்.

6. 150, 200, 250 என்று ஏறி, கடைசியில் மறுபடி 150க்கு இறங்குங்கள். கே வகைக் கம்பி 250க்கு மேல் நெடுநாள் கிடந்தால் உள்ளே உலோக அணுக்களின் அடுக்கு மாறி, மின்னழுத்தம் நகரும். முதல் 150க்கும் கடைசி 150க்கும் ஒத்துவரவில்லை என்றால் கம்பி நம்பகமாக இல்லை என்று எழுதுங்கள்.

7. தெர்மோகப்பிளில் மின்னழுத்தம் பிறப்பது நுனியில் இல்லை. சூடும் குளிரும் சந்திக்கும் கம்பிப் பகுதியில்தான். பிளாக்கில் அந்தப் பகுதி நுனியிலிருந்து 150 மில்லிமீட்டரில் இருந்தால், கோபுரத்தில் அது 400இல் இருக்கலாம். பழைய கம்பியில் இந்த இரண்டு இடங்களும் ஒரே மாதிரி இருக்காது. ஆகவே பல வருடம் ஓடிய தெர்மோகப்பிளை ஆலையிலேயே, ஒப்பீட்டு புரோப்பைப் பக்கத்தில் செருகிச் சரிபார்ப்பது மேல். பிளாக்கில்தான் செய்தீர்கள் என்றால், எவ்வளவு ஆழத்தில் வைத்து ஒப்பிட்டீர்கள் என்பதைச் சான்றிதழில் கட்டாயம் எழுதுங்கள்.