முகவர் சொன்னதும் பாலிசியில் எழுதியதும்

(எங்கள் மருத்துவமனையை அடுத்துள்ள குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேச ஒரு மருத்துவரை ஏன் அழைக்க வேண்டும் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். பாலிசியை விற்பவர் முகவர். பணம் தருவது காப்பீட்டு நிறுவனம். ஆனால் முகவரின் பேச்சால் உண்டான தவறான புரிதல் வெளிப்படும் இடம் பெரும்பாலும் எங்கள் வார்டுதான். அந்த நேரத்தில் முகவர் அருகில் இருப்பதில்லை. நோயாளியின் உறவினர் எங்கள் முகத்தைத்தான் பார்க்கின்றனர். அவ்வாறு நான் அடிக்கடி காணும் இரண்டு தவறான புரிதல்களை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

"சர்க்கரை இருப்பதை எழுத வேண்டாம்"

சில ஆண்டுகளுக்கு முன் 52 வயதுடைய கடைக்காரர் ஒருவர் நள்ளிரவில் மாரடைப்புடன் எங்களிடம் வந்தார். அடைபட்டிருந்த இரத்தக் குழாயைத் திறந்து ஒரு ஸ்டென்ட் பொருத்தினோம். உயிர் பிழைத்தார். அவரும் மனைவியும் மகளும் சேர்ந்து 5 லட்சம் ரூபாய்க்கு ஒரு குடும்பப் பாலிசி வைத்திருந்தனர். அதை எடுத்து 14 மாதங்கள் ஆகியிருந்தன. ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு விண்ணப்பித்தவுடன் நிறுவனத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: "நோயாளிக்குச் சர்க்கரை நோய் எத்தனை ஆண்டுகளாக உள்ளது? முதன்முதலில் சிகிச்சை பெற்ற சீட்டை அனுப்புக."

அவசரப் பிரிவில் அவர் மனைவி கூறியதை எங்கள் பயிற்சி மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார்: ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், இரண்டு வேளை மாத்திரை. பாலிசிக்கான முன்மொழிவுப் படிவத்திலோ, "நீரிழிவு உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்ற கட்டத்தில் குறி இடப்பட்டிருந்தது. அதை நிரப்பியவர் முகவர். "மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறதல்லவா, அதை நோய் என்று எழுத வேண்டியதில்லை, எழுதினால் பிரீமியம் ஏறும்" என்று அவர் கூறியிருக்கிறார். நிறுவனத்திலிருந்து சரிபார்ப்பு அழைப்பு வந்தபோதும், கேட்பதற்கெல்லாம் சரி என்று சொல்லுமாறு அறிவுறுத்தியிருக்கிறார்.

மறுநாள் காலை அவருடைய உறவினர் என் அறைக்கு வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டாக்டர், ஆறு வருஷம் என்பதை இப்போதுதான் கண்டுபிடித்தது என்று மாற்றி எழுதித் தர முடியுமா?"

முடியாது என்றேன். அதற்கான காரணத்தை உங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். கேஸ் ஷீட் காப்பீட்டுக்காக எழுதப்படுவதன்று. அடுத்து வரும் மருத்துவர் அதை நம்பித்தான் சிகிச்சை அளிக்கிறார். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் உட்கொள்பவருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால், இரத்தக் குழாய்ப் பரிசோதனைக்கான சாய மருந்தைச் செலுத்தும்போது அந்த மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டும். நோயை மறைத்தால் அந்த எச்சரிக்கையும் மறைந்துவிடும். மேலும், மாற்றி எழுதினாலும் உடல் உண்மையைச் சொல்லிவிடும். அவருடைய விழித்திரையில் நீரிழிவின் பழைய தடயங்கள் இருந்தன. சிறுநீரில் புரதம் கசிந்தது. இவை பொதுவாகப் பல ஆண்டுகளில் உண்டாகும் மாற்றங்கள்.

நிறுவனம் பணம் தர மறுத்தது. பாலிசியையும் ரத்து செய்தது. நகையை அடகு வைத்துப் பில்லைக் கட்டினர்.

இங்கே முகவர் உண்டாக்கிய தவறான புரிதல் எது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு மருத்துவர் கண்டறிந்த நோயும், சிகிச்சை அளித்த நோயும் "முன்பே உள்ள நோய்" எனப்படும். கட்டுப்பாட்டில் உள்ளதா, இல்லையா என்பது இங்கே கேள்வியே அன்று. மாத்திரை சாப்பிடுவதே சிகிச்சைதான்.

முன்பே உள்ள நோயைச் சொன்னால் என்ன நேரும்? அந்த நோய்க்கும் அதன் நேரடி விளைவுகளுக்கும் ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையத்தின் விதிகளின்படி அது அதிகபட்சம் 36 மாதங்கள். அதற்கு முன் அது 48 மாதங்கள் வரை இருந்தது. தொடர்பில்லாத திடீர்க் காய்ச்சலுக்கு, வழக்கமாகப் பாலிசி தொடங்கி 30 நாட்கள் கழிந்ததும் காப்பீடு உண்டு. விபத்துக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்கு மட்டும் தனியே ஒரு காத்திருப்புக் காலம் பாலிசியில் எழுதப்பட்டிருக்கும்.

அந்தக் கடைக்காரர் உண்மையைச் சொல்லியிருந்தால் மாரடைப்புக்குப் பணம் கிடைத்திருக்குமா? ஒருவேளை கிடைத்திராது. 14-ஆவது மாதம் காத்திருப்புக் காலத்திற்குள் வருவதால், நீரிழிவின் விளைவே இது என்று நிறுவனம் வாதிட்டிருக்கலாம். ஆனால் பாலிசி உயிருடன் இருந்திருக்கும். மனைவிக்கும் மகளுக்கும் பாதுகாப்பு தொடர்ந்திருக்கும். காத்திருப்பும் ஒரு நாள் முடிந்திருக்கும். கூடுதல் பிரீமியம் செலுத்திக் காத்திருப்புக் காலத்தைக் குறைத்துக்கொள்ளும் பாலிசிகளும் சந்தையில் உள்ளன. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வாய்ப்பையாவது எண்ணிப் பார்த்திருப்பார். முகவர் மிச்சப்படுத்திக் கொடுத்தது ஓராண்டுப் பிரீமியத்தில் ஒரு சிறு தொகை. இழந்தது முழுப் பாலிசி.

"ஐந்து ஆண்டு கடந்துவிட்டால் எதையும் கேட்க மாட்டார்கள்" என்றும் சில முகவர்கள் கூறுவர். இது பாதி உண்மை. தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசியைப் புதுப்பித்து வந்தபின், தகவலைச் சொல்லவில்லை என்ற காரணம் காட்டி நிறுவனம் மறுக்க இயலாது. ஆனால் மோசடி நிரூபிக்கப்பட்டால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. மாரடைப்பு 60 மாதங்கள் பொறுத்திருந்து வரும் என்ற உறுதியையும் எவரும் தர முடியாது.

"5 லட்சம் வரை எந்த அறையிலும் தங்கலாம்"

இரண்டாவது தவறான புரிதல், எதையும் மறைக்காத நேர்மையானவரையும் தாக்குவது. பல பாலிசிகளில் அறை வாடகைக்கு ஒரு வரம்பு உண்டு. காப்பீட்டுத் தொகையில் நாளொன்றுக்கு 1 சதவீதம் என்பது பரவலாகக் காணப்படும் வரம்பு. 5 லட்சம் பாலிசி என்றால் நாளுக்கு 5,000 ரூபாய். இதை முகவர் சொல்லாமல் விடுவதும் உண்டு. "கூடுதல் வாடகையை மட்டும் நீங்கள் கட்டினால் போதும்" என்று சொல்வதும் உண்டு. பின்னதே பெரிய ஏமாற்றத்தைத் தருகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். குடல்வால் வெடித்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், நாளுக்கு 8,000 ரூபாய் வாடகையுள்ள தனியறையில் ஐந்து நாட்கள் தங்குகிறார். அறை வாடகை 40,000. அறுவை மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணங்கள் சேர்ந்து 1,60,000. மருந்துகளும் பரிசோதனைகளும் 60,000. மொத்தம் 2,60,000 ரூபாய்.

நாளுக்கு 3,000 வீதம் ஐந்து நாட்களுக்கு 15,000 ரூபாய் மட்டும் தம் கையிலிருந்து போகும் என்று அவர் எதிர்பார்க்கிறார். நிறுவனம் கணக்கிடுவது வேறு வகையில். வாடகைக்கு 25,000 தருகிறது. மருத்துவர், அரங்கு, செவிலியர் கட்டணங்களையும் அதே விகிதத்தில், அதாவது எட்டில் ஐந்து பங்காகக் குறைத்து 1,00,000 தருகிறது. மருந்துக்கும் பரிசோதனைக்கும் 60,000 முழுமையாகத் தருகிறது. ஆக 1,85,000. நோயாளி கட்ட வேண்டியது 75,000 ரூபாய்.

இதற்கு விகிதாசாரக் கழிவு என்று பெயர். பல மருத்துவமனைகளில் அறையின் தரத்தைப் பொறுத்து மருத்துவர் கட்டணமும் அரங்குக் கட்டணமும் உயர்கின்றன. அந்த உயர்வைத் தாங்கள் ஏற்க இயலாது என்பதே நிறுவனங்களின் வாதம். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. மருந்து, உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றில் இவ்வாறு கழிக்கக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்திலும் கழிக்கக் கூடாது. எல்லா அறைகளுக்கும் ஒரே கட்டணம் வாங்கும் மருத்துவமனையிலும் இது செல்லாது. உங்கள் பில்லில் இவற்றிலும் கழித்திருந்தால் எழுத்து மூலம் கேளுங்கள்.

இதைத் தவிர்க்க, அனுமதியாகும்போதே காப்பீட்டுப் பிரிவு ஊழியரிடம் "என் பாலிசியில் அறை வரம்பு எவ்வளவு? அந்த வரம்புக்குள் எந்த அறை உள்ளது?" என்று கேளுங்கள். நோயாளியை வேறு அறைக்கு மாற்றியபின் கேட்பதில் பயன் குறைவு.

வீட்டுக்குச் சென்று செய்ய வேண்டியவை

பாலிசியுடன் வாடிக்கையாளர் தகவல் தாள் என்ற சுருக்கம் தரப்படுகிறது. காத்திருப்புக் காலம், அறை வரம்பு, எவையெல்லாம் சேராது என்பன அதில் இருக்கும். தமிழில் வேண்டும் என்று நிறுவனத்திடம் கேட்கலாம். அதனுடன் உங்கள் முன்மொழிவுப் படிவத்தின் நகலையும் எடுத்து, "உண்டு", "இல்லை" என்ற குறிகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அதில் உள்ளது முகவரின் கையெழுத்தாக இருக்கலாம். ஆனால் பொறுப்பு உங்களுடையது. பாலிசி கைக்கு வந்து 30 நாட்களுக்குள் பிடிக்கவில்லையெனில் திருப்பித் தரலாம். சிறு கழிவு போகப் பணம் திரும்பும்.

பழைய பாலிசியில் தவறு இருப்பதைக் கண்டால், நோயற்ற இந்த நாளிலேயே நிறுவனத்துக்கு எழுதுங்கள். பிரீமியம் கூடலாம், காத்திருப்பு விதிக்கப்படலாம், சில சமயம் பாலிசியே மறுக்கப்படவும் கூடும். எனினும் இதை அவசரப் பிரிவின் வாசலில் அறிவதைவிட இன்று அறிவது மேல்.

நியாயமின்றிப் பணம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் முறையிடுங்கள். பதில் வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னையில் அவருக்கு அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. நிறுவனம் மறுத்து ஓராண்டுக்குள் அணுக வேண்டும்.

கூட்டத்தின் முடிவில் ஓர் அம்மையார் கேட்டார்: "முகவர் எங்கள் தெருக்காரர், பழகியவர். அவரைச் சந்தேகப்படுவது எப்படி?" சந்தேகப்பட வேண்டாம் அம்மா. "நீங்கள் சொன்னது இந்தத் தாளில் எந்த வரியில் உள்ளது?" என்று மட்டும் கேளுங்கள். நல்ல முகவர் அந்த வரியைக் காட்டுவார். வரி இல்லையென்றால், அந்தப் பேச்சு உங்கள் பில்லைக் கட்டாது.