காமநாயக்கன்பட்டித் திருவிழா: கொடியேற்றம் முதல் கும்பிடுசேவை வரை

தென்காசி, குற்றாலம் பக்கத்திலிருந்து காமநாயக்கன்பட்டி பரலோக மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் முதலில் தேதியில் கோட்டை விடுகிறார்கள். ஆகஸ்ட் 6 கொடியேற்றம். அன்றே முதல் நாள் என்பதால் 14-ஆம் தேதியோடு ஒன்பது நாள் முடிகிறது. 15, மாதா விண்ணேற்புப் பெருவிழா. நோட்டீஸில் '14 நள்ளிரவு' என்றிருந்தால் 14-ஆம் தேதி மாலையே ஊருக்குள் இருக்க வேண்டும் என்று பொருள்.

1. சங்கரன்கோவில், கழுகுமலை வழியாகக் கோவில்பட்டி போய், அங்கே பஸ் மாறுங்கள். 15 சுதந்திர தின விடுமுறை, கூட்டம் நெரியும். முந்தின நாள் மதியமே கிளம்புவதுதான் புத்தி.

2. ஒன்பது நாளும் தங்க முடியாதவர்கள் கொடியேற்றத்துக்கு ஒரு நாள் வந்து, மற்ற நாளெல்லாம் வீட்டில் குடும்பமாக ஜெபமாலை சொன்னால் போதும். பாவசங்கீர்த்தனத்தை மட்டும் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். அன்றைக்கு வரிசை நகராது.

3. தேருக்குப் பின்னால் கும்பிடுசேவை. வீரமாமுனிவர் பணியாற்றிய இந்தக் கோயிலின் அடையாளமே இதுதான், சிரமமும் இதில்தான்.

குப்புற விழுந்து, தலைக்கு மேல் கை நீட்டிக் கும்பிட்டு, விரல் தொட்ட இடம் வரை எழுந்து நடந்து, மறுபடி விழ வேண்டும். நேர்ச்சை நேரும்போதே எந்தத் தெருவிலிருந்து எதுவரை என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். 'முழுச் சுற்று' என்று நேர்ந்துவிட்டுப் பாதியில் மூச்சு வாங்குகிறவர்களே அதிகம். முந்தின வேளை அரை வயிறு போதும். செயின், வளையல், ஊக்கு, செல்போன் எல்லாம் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். பெண்களுக்குச் சேலையைவிட முழுக்கைப் பருத்திச் சுடிதார் நல்லது. சேலை காலில் மாட்டும்.

இரண்டு ஆள் கண்டிப்பாக வேண்டும். ஒருவர் முன்னால் குடத்துத் தண்ணீரைத் தரையில் ஊற்றிக்கொண்டே போகட்டும். வெயில் ஏறினால் கரிசல் பூமித் தார்ரோட்டில் உள்ளங்கை கொப்பளித்துவிடும். இன்னொருவர் பக்கத்தில் நடந்து, பின்னால் வருபவர் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். தேரை ஒட்டிப் போக வேண்டாம். தேர் முனை திரும்பும்போது வடம் பிடிப்பவர்கள் பின்னுக்கு வருவார்கள், ஒதுங்கிவிடுங்கள்.

கண் இருட்டினாலோ, வியர்வை நின்று உடம்பு சில்லிட்டாலோ அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மீதியை அடுத்த வருஷம் செய்யலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதற்கு இறங்கவே வேண்டாம். உப்பு, மிளகு, மெழுகுவர்த்தி காணிக்கை செலுத்துவதும் நேர்ச்சைதான்.

4. முடிந்ததும் நிழலில் உட்கார்ந்து உப்புப் போட்ட மோர் குடியுங்கள். உடனே பஸ்ஸுக்கு ஓடாதீர்கள்.

ஆகஸ்டில் முடியாதவர்களுக்குத் தென்காசியிலேயே மிக்கேல் அதிதூதர் கோயில் இருக்கிறது. அவர் திருநாள் செப்டம்பர் 29. பஸ் மாறும் வேலை மிச்சம்.