மங்கல் கோட்டை எப்படி வாசிப்பது?

கேள்வி: உகண்டாவில் வேலை செய்துவிட்டு வந்த தம்பிக்குக் காய்ச்சல். மலேரியா சோதனைக் கசெற்றைப் படமெடுத்து அனுப்பினான். C கோடு தெளிவு, Pf பக்கம் மங்கல். நோய் இருக்கிறதா, இல்லையா?
- வாசகி, கிளிநொச்சி

பதில்: முதலில் C-ஐப் பாருங்கள். அது விழாவிட்டால் மற்றக் கோடுகள் எப்படி இருந்தாலும் சோதனை செல்லாது. புதுக் கசெற் வேண்டும். உங்கள் படத்தில் அது சரி.

அடுத்து, படம் எடுத்த நேரத்தைக் கேளுங்கள். பெட்டியிலுள்ள தாளில் வாசிக்கும் நேரம் இருக்கும்; பெரும்பாலும் கரைசல் விட்டு 15 முதல் 30 நிமிடம். அதற்குள் நிறத்தோடு விழுந்த கோடு எவ்வளவு மங்கலாயினும் 'உண்டு' என்றே கொள்ளவேண்டும். ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்த படமென்றால் அதை வைத்து முடிவு சொல்லாதீர்கள். காய்ந்தபின்னும் கோடுபோல ஒன்று தோன்றும். மஞ்சள் பல்பு வெளிச்சமும் கைபேசியும் மெல்லிய கோட்டை மறைத்துவிடும்.

உகண்டாவில் தம்பி அண்மையில் மலேரியாவுக்கு மருந்து எடுத்தானா? Pf கோடு பிடிக்கும் புரதம், கிருமி செத்தபின்னும் சில வாரம் இரத்தத்தில் நிற்கும். பழைய நோயா புதிதா என்பதைக் கண்ணாடித் தகட்டில் இரத்தம் பூசி நுணுக்குக்காட்டியில் பார்த்தே சொல்லலாம்.

இலங்கை மலேரியா அற்ற நாடென 2016 செப்டம்பரில் சான்று பெற்றது. அதனால் காய்ச்சலென்றால் வன்னியில் இப்போது டெங்குதான் முதலில் நினைவுக்கு வரும். இன்றே மாவட்ட வைத்தியசாலைக்குப் போய், உகண்டாவிலிருந்து வந்ததை அவனே வாய்விட்டுச் சொல்லட்டும். Pf வகை மலேரியா நாளைக்கென்று காத்திருக்காது.