பதவி உயர்வு நேர்காணலில் பத்து நிமிடம்

கேள்வி: வங்கியில் உதவி மேலாளராக இருப்பவர், கிளை மேலாளர் பதவிக்கான உள் நேர்காணலில் தம் சாதனைகளையும் திட்டங்களையும் 10 நிமிடத்தில் விளக்க வேண்டும். எப்படித் தயாராவது?

பதில்: அடுத்த பதவியின் பொறுப்பை விண்ணப்பதாரர் ஏற்று நடத்துவாரா என்பதையே தேர்வுக் குழு எடைபோடுகிறது. அதனால் சாதனைகளுக்கு 4 நிமிடமும் திட்டத்துக்கு 6 நிமிடமும் ஒதுக்குவது பொருத்தம். ஸ்லைடுகள் ஐந்தாறு போதும்.

சாதனைகளில் இரண்டை மட்டும் எடுத்து, முந்தைய நிலை, காரணம், எடுத்த முடிவு, விளைவு என்ற வரிசையில் சொல்ல வேண்டும். "கடன் பிரிவைச் சிறப்பாக நடத்தினேன்" என்பது எதையும் நிறுவாது. "வீட்டுக்கடன் விண்ணப்பம் முடிய 20 நாள் ஆனது. ஆவணக் குறையால் கோப்புகள் திரும்பி வந்தன. முதல் நாளே கவுன்டரில் ஆவணங்களைச் சரிபார்க்க ஏற்பாடு செய்தேன். ஆறு மாதத்தில் அது 13 நாளானது" என்பது நிறுவும். குழுவினருக்கு அலுவலக நடப்பு தெரியும் என்பதால், சக ஊழியரின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் நம்பகம் போய்விடும்.

திட்டத்தில் முதல் மூன்று மாதத்தில் கண்டறிய வேண்டியவை, ஓராண்டில் எட்ட வேண்டிய இலக்கு, அதை அளக்கும் முறை ஆகியவை இடம்பெறும். இப்போதைய பதவியிலிருந்தே செய்யக்கூடிய வேலைகளைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். பணியாளர்களைப் பிரித்து அமர்த்துதல், வாராக்கடன் வசூல், வைப்புத்தொகை திரட்டல் போன்ற மேலாளரின் முடிவுகளே அங்கே இருக்க வேண்டும்.

ஒவ்வோர் எண்ணுக்கும் ஆதாரமான அறிக்கையைக் கையில் வைத்திருந்தால், குறுக்குக் கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொல்லலாம்.